நாலா, ஒன்பதா? என்கொயரி குறைவாக வரும் விளம்பரத்தில் எதை நம்பி முடிவெடுப்பது

மதுரைப் பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் மாடுலர் கிச்சன் செய்கிற ஒருவருக்கு நான் கூகுள் விளம்பரம் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு இரண்டு வெப் பக்கம் உண்டு. ஒன்றில் முடித்துக் கொடுத்த கிச்சன்களின் படங்கள் மட்டும் இருக்கும். இன்னொன்றில் சதுர அடிக்கு என்ன ரேட் என்பதைப் பளிச்சென்று போட்டிருந்தோம். விளம்பரத்தைத் தட்டுகிறவர்களில் பாதிப் பேரை முதல் பக்கத்துக்கும் மீதிப் பாதியை இரண்டாவதற்கும் அனுப்பினோம். வைகாசியில் மூன்று வாரம் ஓடியது. பக்கத்துக்கு 200 கிளிக். படப் பக்கத்தில் 4 என்கொயரி, ரேட் பக்கத்தில் 9.

"அப்புறம் என்ன தம்பி, டபுளுக்கு மேல இருக்கு. அந்தப் படப் பக்கத்தைத் தூக்கிருவோம்" என்றார். காளவாசல் டீக்கடையில், லேப்டாப்பைத் திறக்கும் முன்னாடியே.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றேன். எத்தனை நாள், எதுவரை பொறுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டதும் என்னிடம் உடனே பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. வாரத்துக்கு நாலு, ஐந்து என்கொயரி வருகிற யாரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. கையில் இருக்கும் வழி மூன்று: வந்த எண்ணுக்கு ஓர் எல்லை போட்டுப் பார்ப்பது, வேறு தரவோடு சேர்த்துப் பார்ப்பது, போதிய எண்ணிக்கை சேரும்வரை காத்திருப்பது. மூன்றையும் அந்த நாலு–ஒன்பதின் மேலேயே வைத்துப் பார்க்கலாம்.

## முதலில் ஒரு காசைச் சுண்டுவோம்

இரண்டு பக்கத்துக்கும் கிளிக் சமமாகப் போனது என்பதால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. இரண்டும் உண்மையில் ஒரே தரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வருகிற ஒவ்வொரு என்கொயரியும் எந்தப் பக்கத்தில் விழும் என்பது காசு சுண்டுவது மாதிரிதான். 13 தடவை சுண்டினால் ஒரு பக்கம் 9 அல்லது அதற்கு மேல் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? சுமார் 27 சதவீதம். அதாவது எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு பக்கத்தை ஓட்டினாலும், நாலு தடவைக்கு ஒரு தடவை இந்த அளவு கோணலைப் பார்ப்போம்.

10–3 வந்திருந்தால் அந்த வாய்ப்பு 9 சதவீதமாகக் குறையும். 11–2 வந்திருந்தால் 2 சதவீதம். அப்போதுதான் "இது தற்செயல் இல்லை போல" என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். அண்ணன் கண்ணுக்கு 9–4, 11–2 இரண்டும் ஒரே மாதிரி ஜெயிப்புதான். கணக்குக்கு அப்படி இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

மூன்று வழிகளையும் நான் நாலு கேள்வியால் அளக்கிறேன். எவ்வளவு சீக்கிரம் பதில் கிடைக்கும்? பதில் தப்பாக இருந்தால் அதைத் திருப்ப முடியுமா? அந்த வழிக்கு மறைவாக என்ன செலவு? கடைசியாக, அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். "படப் பக்கம் மோசமா?", "அடுத்த வாரப் பணத்தை எங்கே போடுவது?", "இனிமேல் எல்லாப் பக்கத்திலும் ரேட் போடலாமா?" மூன்றும் ஒரே கேள்வி மாதிரி ஒலிக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய ஆதாரத்தின் அளவு வேறு.

## வழி 1: எல்லை போட்டுப் பார்ப்பது

200 கிளிக்கில் 4 என்கொயரி என்றால் 2 சதவீதம். அந்த 2 என்பது இந்த மூன்று வாரத்தில் விழுந்த எண் மட்டுமே. பக்கத்தின் உண்மையான விகிதம் இதைச் சுற்றி எங்கேயோ இருக்கிறது. அந்த "எங்கேயோ" எவ்வளவு அகலம் என்று சொல்வதுதான் புள்ளியியலில் நம்பிக்கை இடைவெளி. இங்கே நான் போடுவதெல்லாம் 95 சதவீத எல்லை: இப்படி நூறு தடவை போட்டால் சுமார் 95 தடவை உண்மை விகிதம் அதற்குள் இருக்கும்.

பாடப்புத்தகத்தில் கூட்டல்–கழித்தல் போட்டு வரும் வாய்ப்பாடு சின்ன எண்ணிக்கைக்கு உதவாது. 50 கிளிக்கில் 1 என்கொயரி வந்த இடத்தில் அதைப் போட்டுப் பாருங்கள்: கீழ் எல்லை மைனஸ் 1.9 சதவீதம் என்று வரும். மைனஸில் யார் என்கொயரி கொடுப்பார்கள்? இதற்கு எட்வின் வில்சன் 1927-இல் கொடுத்த முறைதான் சரிப்படும். அதே 50-க்கு 1-ஐ அதில் போட்டால் 0.35-இலிருந்து 10.5 சதவீதம் வரை என்று வருகிறது. அகலம் பயமுறுத்தும். ஆனால் உண்மை அதுதான். ஒரே ஒரு என்கொயரியை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

ஷீட்டில் A2-இல் என்கொயரி, B2-இல் கிளிக் இருந்தால், கீழ் எல்லையும் மேல் எல்லையும் இப்படி வரும்:

```
=(A2+1.92-1.96*SQRT(A2*(B2-A2)/B2+0.96))/(B2+3.84)
=(A2+1.92+1.96*SQRT(A2*(B2-A2)/B2+0.96))/(B2+3.84)
```

படப் பக்கத்துக்கு 0.8 முதல் 5.0 சதவீதம். ரேட் பக்கத்துக்கு 2.4 முதல் 8.3. இரண்டுக்கும் பொதுவாக 2.4 முதல் 5.0 வரை ஒரு பெரிய நிலம் கிடக்கிறது. இரண்டு பக்கமும் 3.5 சதவீதமாகவே இருந்தாலும் இந்தத் தரவு அதை மறுக்காது.

இந்த வழிக்குச் செலவே இல்லை, நிமிடத்தில் பதில். எனக்கு இது அதிகமாக உதவுவது ஜெயித்தது யார் என்று சொல்வதற்கு இல்லை, பேச்சை அடக்குவதற்கு. "டபுள்" என்று ஆரம்பித்தவரிடம் இந்த இரண்டு வரியைக் காட்டினால் குரல் தணியும்.

மறைவான செலவு இரண்டு. முதலாவது, எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் "இரண்டும் சமம்" என்று படித்துவிடுவது. ஏறிக் கிடப்பதன் பொருள் "இன்னும் தெரியவில்லை" என்பது மட்டுமே. கொஞ்சமாக ஏறிக் கிடக்கும்போதே வித்தியாசம் உறுதியாக இருக்கவும் கூடும். அதனால் இரண்டை நேருக்கு நேர் ஒப்பிட மேலே சொன்ன காசுக் கணக்கே நல்லது. இரண்டாவது, 95 சதவீத எல்லையை எல்லா முடிவுக்கும் கட்டாயமாக்கிக்கொண்டால், என்கொயரி குறைவாக வரும் கணக்கில் ஒரு முடிவையும் எடுக்கவே முடியாது. நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடிய சின்ன விஷயத்துக்கு அவ்வளவு உறுதி தேவையும் இல்லை.

இது நன்றாகப் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு: ஒன்றுமே வராத தேடல் சொற்களை என்ன செய்வது என்ற கேள்வி. n கிளிக்கில் ஒரு என்கொயரியும் வரவில்லை என்றால், உண்மை விகிதத்தின் மேல் எல்லை சுமாராக 3-ஐ n-ஆல் வகுத்தால் வருவது. 30 கிளிக்கில் பூஜ்யம் என்றால் இன்னும் 10 சதவீதம் வரை இருக்கலாம். அதை வெட்டுவது அவசரம். 300 கிளிக்கில் பூஜ்யம் என்றால் 1 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அண்ணனின் கணக்கு மொத்தத்தில் 3 சதவீதம் ஓடுகிறது. அந்தச் சொல்லைத் தாராளமாக நிறுத்தலாம்.

## வழி 2: சேர்த்துப் பார்ப்பது

அதே 400 கிளிக்கை ஊர்வாரியாகப் பிரித்தால் என்ன ஆகிறது பாருங்கள். கூகுள் ஆட்ஸில் ஒவ்வொரு ஊரையும் சுற்றித் தனித்தனி வட்டம் போட்டிருந்ததால் இந்தக் கணக்கு நேராகவே கிடைத்தது.

| இடம் | என்கொயரி / கிளிக் | வெறும் விகிதம் | சேர்த்த பிறகு |
|---|---|---|---|
| அண்ணா நகர் | 5 / 130 | 3.8% | 3.5% |
| திருநகர் | 4 / 95 | 4.2% | 3.6% |
| திருமங்கலம் | 2 / 20 | 10.0% | 4.2% |
| மேலூர் | 0 / 45 | 0% | 2.1% |
| மற்றவை | 2 / 110 | 1.8% | 2.4% |

மூன்றாவது கட்டத்தை மட்டும் பார்த்தால் மேலூரை நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருமங்கலத்தில் கொட்டத் தோன்றும். அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியது. "திருமங்கலத்துல நம்ம சொந்தக்காரங்க ஜாஸ்தி தம்பி, அதான்" என்று காரணமும் ரெடியாக இருந்தது. சின்ன எண் எதைக் காட்டினாலும் அதற்கு ஒரு காரணம் நம் வாயில் தானாக வந்துவிடும், அதுதான் ஆபத்து. எல்லா ஊரிலும் உண்மை விகிதம் 3 சதவீதம்தான் என்றாலும், 45 கிளிக்கில் ஒன்றுமே வராமல் போக நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து ஊரை வரிசையாக வைத்தால் ஒன்றாவது இப்படி விழத்தான் செய்யும்.

கடைசிக் கட்டம் எப்படி வந்தது? இதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இந்தக் கணக்கில் 2,000 கிளிக்கும் 60 என்கொயரியும் இருந்தன. அதாவது 3 சதவீதம். ஒவ்வோர் ஊருக்கும் 100 கிளிக்கும் 3 என்கொயரியும் முன்பணம் மாதிரிக் கொடுத்துவிட்டு, அதன் சொந்த எண்ணிக்கையை மேலே கூட்டினேன். திருமங்கலம்: 2-உடன் 3, 20-உடன் 100, ஆக 120-க்கு 5. தரவு குறைவாக உள்ள ஊர் பொதுச் சராசரியை நோக்கி இழுபடுகிறது. தரவு நிறைய உள்ள ஊர் தன் காலில் நிற்கிறது. அண்ணா நகர் கொஞ்சம்தான் அசைந்தது, பாருங்கள்.

முன்பணம் ஏன் 100? அது என் தீர்ப்பு. 100-க்கு 3 என்று வைத்தால், ஒரு ஊரின் உண்மை விகிதம் 0.6-இலிருந்து 7 சதவீதத்துக்குள் எங்கேயும் இருக்கலாம் என்று நான் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன் என்று பொருள். மதுரையைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரே பொருளை விற்கும்போது அதற்கு மேல் வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஊருக்கு ஊர் நிலவரம் ரொம்ப மாறும் என்று நினைத்தால் 30-க்கு 1 என்று வைக்கலாம். எதை வைத்தாலும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு வைத்தால், நமக்குப் பிடித்த ஊர் ஜெயிக்கிற மாதிரி ஒரு எடை தானாக வந்து உட்காரும்.

இதையே இரண்டு பக்கங்களுக்கும் செய்தால் படப் பக்கம் 300-க்கு 7, ரேட் பக்கம் 300-க்கு 12. விகிதம் 2.3-உம் 4-உம். டபுளுக்கு மேல் என்றிருந்தது 1.7 மடங்காகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கின்படி ரேட் பக்கம்தான் மேல் என்பதற்கு வாய்ப்பு சுமார் 88 சதவீதம். காசுச் சோதனை சொன்ன 27 சதவீதத்தோடு இது முட்டுகிறதே என்று கேட்கலாம். முட்டவில்லை. அது "இரண்டும் சமம் என்றால் இப்படி விழுமா?" என்ற கேள்விக்குப் பதில். இது "பந்தயம் கட்டச் சொன்னால் எதன்மேல் கட்டுவது?" என்பதற்கு.

சேர்ப்பதன் மறைவான செலவு, சேரக்கூடாததைச் சேர்ப்பதுதான். இதை விளக்க ஒரு கற்பனைக் கணக்கு போதும். கூகுள் தேடலில் படப் பக்கம் 100-க்கு 8, ரேட் பக்கம் 320-க்கு 24. ஃபேஸ்புக்கில் படப் பக்கம் 300-க்கு 6, ரேட் பக்கம் 80-க்கு 1. இரண்டு இடத்திலும் படப் பக்கம்தான் மேல்: 8-க்கு எதிராக 7.5, 2-க்கு எதிராக 1.25. மொத்தமாகக் கூட்டுங்கள்: படப் பக்கம் 400-க்கு 14, ரேட் பக்கம் 400-க்கு 25. முடிவு தலைகீழாகிவிட்டது. காரணம், தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ரேட் பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் போயிருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய பொறி மாதங்கள். ஆடியில் கிரகப்பிரவேசம் கிடையாது, கிச்சன் விசாரணையும் படுத்துவிடும். ஆவணி பிறந்ததும் போன் அடிக்க ஆரம்பிக்கும். ஒரு பக்கத்தை ஆனியிலும் இன்னொன்றை ஆடியிலும் ஓட்டிவிட்டுக் கூட்டினால் நீங்கள் அளந்தது பஞ்சாங்கத்தை. சேர்க்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த இரண்டு குவியலிலும் வந்து கிளிக் செய்தவர்கள் ஒரே மாதிரி ஆட்களா, ஒரே காலத்தில் வந்தவர்களா? பழைய ஆறு மாதத்தை நான் முன்பணமாக மட்டும் வைத்துக்கொண்டதும், அதை எந்தப் பக்கத்தின் சொந்தக் கணக்கிலும் எழுதாததும் இதனால்தான்.

இன்னொரு செலவு, உண்மையிலேயே வித்தியாசமான ஊரையும் இந்த முறை சராசரிக்கு இழுத்துவிடும் என்பது. நிஜமாகவே திருமங்கலம் தங்கச் சுரங்கமாக இருந்தால் அது தெரிய இன்னும் நூறு நூற்றைம்பது கிளிக் ஆகும். அந்த அளவுக்கு நான் தயார்.

## வழி 3: பொறுத்திருப்பது

பொறுமை என்றால் நம் ஆட்கள் நாள் கணக்கில் சொல்வார்கள்: "இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்." இரண்டு வாரத்தில் என்ன மாறும்? எட்டோ ஒன்பதோ என்கொயரி கூடும். கேள்விக்குப் பதில் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது நாள் இல்லை, எண்ணிக்கை. எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்து, இரண்டு பக்கமும் சேர்ந்து இத்தனை என்கொயரி வேண்டும்:

| உண்மையான வித்தியாசம் | வேண்டிய மொத்த என்கொயரி | வாரத்துக்கு 4 அல்லது 5 வந்தால் |
|---|---|---|
| 3 மடங்கு | சுமார் 30 | 7 வாரம் |
| 2 மடங்கு | சுமார் 70 | 16 வாரம் |
| ஒன்றரை மடங்கு | சுமார் 195 | 45 வாரம் |
| 20% கூடுதல் | சுமார் 950 | நாலு வருஷம் |

(கிளிக் சமமாகப் பிரிந்து, வித்தியாசம் இருந்தால் அதைப் பத்துக்கு எட்டுத் தடவை பிடிக்க வேண்டும், இல்லாததை இருப்பதாக நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் சொல்லக்கூடாது என்று வைத்துப் போட்ட கணக்கு.)

கடைசி வரியை மறுபடி படியுங்கள். பட்டன் நிறத்தை மாற்றினால் 20 சதவீதம் கூடும் என்று யாராவது சொன்னால், இந்த அளவு கணக்கில் அதைச் சோதிக்க நாலு வருஷம் ஆகும். ஆகவே சின்ன மாற்றங்களைச் சோதிக்கவே வேண்டாம். பிடித்ததை வைத்துக்கொண்டு போகலாம். சோதிப்பதாக இருந்தால் ரேட்டைக் காட்டுவதா மறைப்பதா மாதிரிப் பெரிய வித்தியாசத்தை மட்டும் சோதிக்க வேண்டும்.

காத்திருப்பதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: திங்கட்கிழமை தோறும் எட்டிப் பார்த்து, எப்போது "ஜெயித்துவிட்டது" என்று தெரிகிறதோ அப்போது நிறுத்துவது. ஒரே ஒரு தடவை பார்த்தால் தப்பான வெற்றி அறிவிப்புக்கு 5 சதவீத வாய்ப்பு என்று வைத்த சோதனையை, பத்துத் தடவை பார்த்தால் அது 19 சதவீதமாகிவிடும். ஆர்மிடேஜும் அவரோடு சேர்ந்தவர்களும் 1969-இல் கணக்குப் போட்டுக் காட்டியது இது. காசு நடந்துபோகிற பாதை அப்படி. எப்போதாவது ஒரு பக்கம் சாய்ந்தே தீரும், சாய்ந்த நேரம் பார்த்து நாம் படம் எடுக்கிறோம்.

எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அண்ணனால் சத்தியமாக முடியாது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மொத்தம் எத்தனை என்கொயரி வரை ஓட்டுவது என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 2.25-ஆல் பெருக்குங்கள். 70-க்கு அது 19. தினமும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஏதாவது ஒரு பக்கம் 19 என்கொயரி முன்னால் போனால் மட்டுமே நிறுத்த வேண்டும். 70 வரை யாரும் 19 முன்னால் போகவில்லை என்றால், "ஜெயித்தவர் இல்லை" என்று எழுதிவிட்டு மூட வேண்டும். இத்தனை தடவை பார்த்தாலும் தப்பு 5 சதவீதத்தைத் தாண்டாது.

இதற்குக் கிளிக் சமமாகப் பிரிய வேண்டும். கூகுள் ஆட்ஸில் `Experiments` வழியாக 50-50 பிரித்தால் அது நடக்கும். ஒரே குழுவில் இரண்டு விளம்பரத்தைப் போட்டுவிட்டு விட்டால் சிஸ்டம் தனக்குப் பிடித்ததற்கு அதிகம் காட்ட ஆரம்பித்துவிடும். அப்புறம் இந்தக் கணக்கு செல்லாது.

இன்னொன்று: கிச்சன் மாதிரிப் பொருளுக்கு இன்று கிளிக் செய்தவர் வீட்டில் பேசிவிட்டு நாலைந்து நாள் கழித்துத்தான் அழைப்பார். கூகுள் அந்த என்கொயரியைக் கிளிக் நடந்த தேதியில் கொண்டுபோய் எழுதும். அதனால் போன வாரம் எப்போதும் மோசமாகத் தெரியும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே வாரம் சரியாகியிருக்கும். என்கொயரி வந்த தேதிப்படி பார்க்க `Conversions (by conv. time)` என்ற கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொறுமையின் விலையையும் மறைக்காமல் சொல்கிறேன். ரேட் பக்கம் உண்மையிலேயே டபுள் என்று வைப்போம். 70 வரும்வரை பாதிக் கிளிக்கைப் படப் பக்கத்துக்கு அனுப்பியதால், முழுவதையும் ரேட் பக்கத்துக்கே அனுப்பியிருந்தால் வந்திருக்கும் 93-இல் 23 போய்விட்டது. அண்ணனுக்கு எட்டு என்கொயரிக்கு ஓர் ஆர்டர், ஆர்டருக்கு 25,000 ரூபாய் நிற்கும் என்றால், ஒரு என்கொயரியின் மதிப்பு சுமார் 3,000. ஆக எழுபதாயிரம் ரூபாய் போச்சு. இரண்டும் சமம் என்றால் காத்திருந்ததில் ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை. பயம் எல்லாம் நடுவில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாததால்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | எல்லை போடுவது | சேர்ப்பது | பொறுப்பது |
|---|---|---|---|
| பதில் வர | உடனே | உடனே, பழைய தரவு இருந்தால் | வாரங்கள், மாதங்கள் |
| பதில் சொல்லும் கேள்வி | இப்போது எதையாவது சொல்ல முடியுமா? | இந்த வாரப் பணத்தை எப்படிப் பிரிப்பது? | எது மேல் என்று நிலையாகச் சொல்லலாமா? |
| மறைவான செலவு | "தெரியவில்லை"யை "சமம்" என்று படிப்பது | சேராததைச் சேர்ப்பது, தனித்த ஊரை மறைப்பது | தோற்கிற பக்கத்துக்குப் போகும் கிளிக் |
| தப்பினால் | பெரிய சேதம் இல்லை | அடுத்த வாரம் திருத்தலாம் | விதியை மீறினால் காத்திருந்ததே வீண் |

## எனக்குப் பட்டது

எந்த வழி என்பதை என்கொயரி எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. முடிவைத் திருப்ப என்ன செலவு என்பதுதான் தீர்மானிக்கிறது. ஊர்வாரியாகப் பட்ஜெட்டைக் கூட்டிக் குறைப்பது நாளைக்கே மாற்றக்கூடியது. அதற்குச் சேர்த்துப் பார்த்த விகிதம் போதும். 95 சதவீதம் கேட்டு உட்கார்ந்திருப்பது வீண். மேலூரை நிறுத்தாமல் கொஞ்சம் குறைத்தேன், திருமங்கலத்துக்குக் கொஞ்சம் கூட்டினேன். அவ்வளவுதான்.

ரேட் பக்கம் விஷயம் அப்படியில்லை. ஒரு தடவை விலையை வெளியில் போட்டுவிட்டால் போட்டிக் கடைக்காரரும் பார்ப்பார், பழைய வாடிக்கையாளரும் பார்ப்பார். "எனக்கு மட்டும் ஏன் ஜாஸ்தி வாங்குனீங்க?" என்று ஒரு போன் ஏற்கெனவே வந்திருந்தது. பிரிண்டிங், ஷோரூம் போர்டு எல்லாம் அதன்படி மாற வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அதற்குப் பொறுமைதான் சரி என்று 70, 19 என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் 13 என்கொயரியை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நம்மைச் சந்தேகப்பட வைத்த எண்ணையே சாட்சியாகவும் கூப்பிட்டால் வழக்கு ஆரம்பிக்கும் முன்பே சாய்ந்துவிடும்.

ஆனி முதல் வாரத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம். ஆடி படுத்ததால் 16 வாரம் என்று போட்ட கணக்கு 19 வாரமாக இழுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடியதால் அந்தச் சரிவு இரண்டுக்கும் சமமாகவே விழுந்தது. ஆவணி நடுவில் ஒருநாள் ரேட் பக்கம் 11 முன்னால் போனது. அன்று அண்ணன் மூன்று தடவை போன் செய்தார். தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஐப்பசியில் 70 முடிந்தது. ரேட் பக்கம் 38, படப் பக்கம் 32. ஆளுக்கு 1,260 கிளிக். எல்லை போட்டால் 2.2 முதல் 4.1, 1.8 முதல் 3.6. முன்னிலை வெறும் 6. டபுள் என்று வைகாசியில் பார்த்தது எங்கேயோ கரைந்துபோயிருந்தது.

"அப்ப ஐம்பதாயிரம் செலவு பண்ணி ஒண்ணும் தெரியலைங்கிறீங்க" என்றார்.

"டபுள் மாதிரிப் பெரிய வித்தியாசம் இருந்திருந்தா பெரும்பாலும் பிடிபட்டிருக்கும்ணே. அப்படி ஒண்ணும் காணோம். அந்த ஐம்பதாயிரத்துலயும் 70 என்கொயரி வந்துருச்சே."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிளைவுட் விலை ஏறும்போதெல்லாம் ரேட் பக்கத்தைத் திருத்த ஆள் வேண்டும். அது ஒரு தொல்லை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவர்கள் "என்ன ரேட்?" என்று கேட்பதில்லை, நேராக அளவு எடுக்க எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்கிறார்களாம், போன் எடுக்கிற பெண் சொன்னதாகச் சொன்னார். ரேட் பக்கத்தையே வைத்துக்கொண்டோம். ஷோரூம் போர்டை மட்டும் மாற்றவில்லை.